முகம் ஸ்டூடியோவுடையது, கை தாத்தாவுடையது

பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் என்னிடம் அதிகம் வருவது தாத்தா படங்கள்தான். கறையை எடுக்கணும், கிழிசலை ஒட்டணும், பெரிசா ஒரு பிரிண்ட் போட்டு மாட்டணும், அவ்வளவுதான் கேட்பார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த அந்தப் பேரன் மட்டும் வேறு ஒன்றைக் கேட்டார். "அண்ணே, எங்க தாத்தா எப்படிப்பட்ட ஆளுன்னு இதைப் பாத்துச் சொல்ல முடியுமா?"

அப்பாவைப் பெற்ற தாத்தா. அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அவரை நேரில் பார்த்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது எண்பதைத் தாண்டிய அத்தை ஒருவர்தான், அவருக்கும் அப்போது ஏழெட்டு வயது. வீட்டில் மிஞ்சியது இந்த ஒரே படம். ஹாஃப் பிளேட் அளவு, அதாவது நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம், சாம்பல் நிற அட்டையில் ஒட்டியது, பின்பக்கம் மையில் 1946 என்று எழுதியிருந்தது. கோட்டு போட்டு, மேஜைப் புத்தகத்தின் மேல் ஒரு கை வைத்து நிற்கிறார். கறுத்த, வழவழப்பான முகம். நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு. உதடு இறுகியிருக்கிறது, கண் எங்கோ நிலைத்திருக்கிறது. பேரன் இதைச் சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து மனதில் ஒரு ஆளையே உருவாக்கி வைத்திருந்தார். படித்தவர், உத்தியோகத்தில் இருந்தவர், கண்டிப்பானவர், சிரிக்காதவர். அத்தை சொல்வது எதுவும் இதோடு ஒட்டவில்லை. பாத்திரப் பட்டறையில் தட்டுவேலை பார்த்தார், முகமெல்லாம் அம்மைத் தழும்பு என்பாராம். "முகத்துல ஒரு புள்ளிகூட இல்லையேண்ணே, அத்தைக்கு வயசாயிடுச்சு, யாரையோ நினைச்சுச் சொல்றாங்க" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்த மாதிரிப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலையும் உடம்பும் ஒரே ஆளுடையதா என்பதை. ஆள் இறந்த பிறகு குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்து, ஸ்டூடியோவில் இருக்கும் ஒரு கோட்டு உடம்பில் பொருத்திப் படம் செய்து கொடுப்பது அன்றைக்குச் சாதாரணம். அப்படிச் செய்திருந்தால் முகத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தடித்துத் தெரியும், கோட்டு கூர்மையாக இருக்கும், மூக்கு நிழல் ஒரு பக்கமும் கோட்டு மடிப்பின் நிழல் வேறு பக்கமும் விழும். இதில் எல்லா நிழலும் ஒரே பக்கம். கண்ணிமையும் கோட்டு நூலும் ஒரே கூர்மை. சரி, நின்றவர் இவர்தான்.

அடுத்து ஸ்கேன். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், 1200 டிபிஐ வைத்தேன். கலரில் எடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரித்துப் பார்க்கலாம். பழுப்பு மஞ்சள் கறை நீலத்தில் கன்னங்கரேலென்று தெரியும், சிவப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். எது படம், எது காலம் போட்ட அழுக்கு என்பது அங்கேயே பிரிந்துவிடும். நெற்றிப் பொட்டு மூன்றிலும் ஒரே மாதிரி நின்றது, ஆகவே அது கறை இல்லை.

ஆனால் அது கறுப்புப் பொட்டும் இல்லை. அன்றைக்கு ஸ்டூடியோக்களில் ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடி பிளேட்டில்தான் நெகட்டிவ் எடுப்பார்கள், அந்த பிளேட்டுகளில் பல சிவப்பு நிறத்தை உணராதவை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பதால் சின்ன ஊர்க்காரர்களுக்கு அதுதான் வசதி. அந்த பிளேட்டில் குங்குமம் கறுப்பாக விழும், உதடு கறுக்கும், சிவப்புக் கலந்த நம்ம ஊர் மாநிறம் உள்ளதைவிட நாலு படி கறுத்து நிற்கும். அதே சமயம் நீலத் துணி வெளுத்துப்போகும். இந்தப் படத்தில் உதடும் பொட்டும் ஒரே கறுப்பில் இருந்தன. தாத்தா குங்குமம் வைப்பாரா என்று கேட்டேன். பேரன் அங்கேயே அத்தைக்குப் போன் போட்டார். "குங்குமம் இல்லாம வெளிய கிளம்ப மாட்டாரு" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. ஆக அந்தக் கறுத்த நிறத்தில் பாதி பிளேட்டின் வேலை. முகத்துக்குக் கலர் போட்டுத் தரச் சொல்லி அவர் கேட்டிருந்தார், முடியாது என்று சொல்லிவிட்டேன். நிறத்துக்கு இந்தப் படத்தில் சாட்சியே இல்லை, நான் போடும் கலர் என் கற்பனையாகத்தான் இருக்கும்.

அப்புறம் கன்னம். அதைத் திரையில் பெரிதாக்கினால் தோல் தெரியவில்லை, மயிரிழை போன்ற கமா கமாவாகச் சின்னச் சின்னக் கீற்றுகள் தெரிந்தன, சுற்றியிருக்கும் தோலைவிட ஒரு சாயல் வெளுப்பாக. டச்சிங் செய்பவரின் பென்சில் அது. படம் எடுத்துக் கழுவிய கண்ணாடி பிளேட்டை ஒரு சாய்ந்த மரச்சட்டத்தில் வைத்து, கீழே கண்ணாடி ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தைப் பிளேட் வழியாக மேலே திருப்பிவிடுவார்கள். பிளேட்டின் மேல் பென்சில் பிடிப்பதற்காகப் பிசின் கலந்த ஒரு திரவத்தை லேசாகத் தேய்த்து, ஊசி மாதிரி நீளமாகச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்புவார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். சுருக்கமும் குழியும் நிழல் என்பதால் அங்கே பிளேட் தெளிந்து கிடக்கும், பிரிண்டில் கறுப்பாக விழும். அந்தத் தெளிந்த இடத்தில் பென்சில் ஏறினால் வெளிச்சம் தடைபட்டுப் பிரிண்டில் வெளுக்கும், குழி காணாமல் போகும். இதைச் செய்யாமல் படத்தைக் கொடுத்தால் காசு கொடுத்தவர் வாங்கிக்கொள்ள மாட்டார்.

சாதாரண முகத்தில் இந்தப் பென்சில் கண்ணுக்குக் கீழும் மூக்கோரத்திலும் நெற்றிக் கோட்டிலும்தான் இருக்கும். இங்கே இரண்டு கன்னம், மோவாய், மூக்கு நுனி என்று இடைவெளியே இல்லை. இவ்வளவு உழைக்க என்ன காரணம் இருந்திருக்கும்? முகத்தை விட்டுக் கழுத்துப் பக்கம் போனேன். காதுக்குக் கீழே, கோட்டுக் காலருக்குச் சற்று மேலே நிழல் விழும் இடம் ஒன்று உண்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று டச்சிங்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அங்கே நாலைந்து சின்னக் குழிகள், ஓரம் வட்டமாக, நடுவில் கறுத்து, பக்கத்துப் பக்கத்தில். பிரிண்டில் ஏற்பட்ட சேதமாக இருந்தால் குழியோரத்தில் வெளிச்சமும் நிழலும் முறையாக விழாது. இவற்றில் ஒவ்வொரு குழிக்கும் நிழல் வெளிச்சம் வரும் பக்கத்து ஓரத்தில், மூக்கு நிழலுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், மேடாக இல்லாமல் குழியாக இருந்தால் அப்படித்தான் விழும்.

பேரனைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். அவருக்கு உடனே பிடிபடவில்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. இந்தியாவில் பெரியம்மை கடைசியாக வந்தது 1975இல், அந்தத் தலைமுறைக்குப் பிறகு பிறந்தவர்கள் அம்மைத் தழும்பு விழுந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவே வாய்ப்பு குறைவு. எங்கள் தெருவில் அப்படி இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள், அதனால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அத்தை சொன்னது சரிதானா" என்று மெல்லக் கேட்டார்.

முகத்தை இத்தனை மாற்றியவர்கள் கையை ஏன் விட்டார்கள் என்றால், கைக்கு யாரும் காசு தருவதில்லை. நான் எப்போதும் ஆளைக் கையில்தான் தேடுவேன். மேஜை, புத்தகம், பூச்சாடி, தூணும் படிக்கட்டும் வரைந்த பின்திரை எல்லாம் ஸ்டூடியோவின் சொத்து, வருகிற எல்லாருக்கும் அதுவேதான். கோட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கைப்பகுதி மணிக்கட்டைத் தாண்டி விரல்முட்டி வரை இறங்கியிருந்தது, தோளில் துணி தொங்கியது. அந்தக் கைப்பகுதிக்குள்ளிருந்து வந்த விரல்கள் தடித்தவை, முட்டிகள் புடைத்தவை. புத்தகத்தின் மேல் இருந்த கட்டைவிரலில் நகம் நடுவில் பிளந்து, ஒரு பாதி கறுத்து மேடாக வளர்ந்திருந்தது. பலமுறை அடிபட்ட நகம் அப்படித்தான் வளரும்.

அது இடக்கையா வலக்கையா என்பது முக்கியம். சுத்தியல் பிடிப்பது வலக்கை, தகட்டைப் பிடித்துத் திருப்புவது இடக்கை, அடி விழுவது இடக்கைக் கட்டைவிரலில். பழைய படங்களை மறுபடி பிரதி எடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிடுவதும் உண்டு, அப்போது வலது இடதாகிவிடும். பொத்தானைப் பார்த்தேன். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும், இதிலும் அப்படியே இருந்தது. படம் திரும்பவில்லை, பிளந்த நகம் இடக்கையில்தான். பட்டறைக்காரர் என்று அந்த நகம் ஒன்றே நிரூபித்துவிடாது, கதவிடுக்கில் சிக்கினாலும் நகம் பிளக்கும். ஆனால் கழுத்துக் குழியும் கோட்டின் நீளமும் இந்த நகமும் சேர்ந்து அத்தை பக்கம் நிற்கின்றன, உத்தியோகஸ்தர் பக்கம் புத்தகம் ஒன்றுதான் நிற்கிறது, அதுவும் ஸ்டூடியோக்காரருடையது.

கண்டிப்பானவரா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அந்த இறுகின உதட்டை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கூரைக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் எடுக்கும்போது லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணி மூடுவார்கள், ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகும். அசையாதே, இமைக்காதே, அந்த ஆணியைப் பார் என்று சொல்லி நிறுத்தினால் எந்த மனிதருக்கும் அந்த முகம்தான் வரும். சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியாது.

வலக்கை மட்டும் அந்தக் கட்டளைக்குக் கட்டுப்படவில்லை. பக்கத்தில் தொங்கும் அந்தக் கையின் விரல்கள் கலங்கித் தெரிந்தன. ஃபோகஸ் தப்பியதில்லை, அதே தூரத்தில் இருக்கும் கோட்டு விளிம்பு கூர்மையாக இருக்கிறது. கலக்கமும் ஒரே திசையில், உள்பக்கமாக, விரல்கள் கோட்டு நுனியைச் சுருட்டிப் பிடிக்கப் போகிற மாதிரி. அந்த ஒரு விநாடியில் ஸ்டூடியோக்காரர் சொல்லாமல் அவராகச் செய்த ஒரே காரியம் இதுதான். கூச்சமா, அவசரமா, கோட்டு பழக்கமில்லாததா, எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன் என்றேன். அவர் தன் வலக்கையைத் தொங்கவிட்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் இரண்டு பிரிண்ட் கொடுத்தேன். முழுப் படத்தில் மஞ்சள் கறையை எடுத்தேன், ஓரத்தில் வெள்ளி பூத்து மினுங்கிய இடங்களைச் சரிசெய்தேன், முகத்தைத் தொடவில்லை. தழும்பை நான் வரைந்து சேர்த்தால் அதுவும் பழைய டச்சிங் போலத்தான். இன்னொன்று கைகள் மட்டும், அவர் கேட்டு வாங்கியது.

போகும்போது, அந்தக் கண்ணாடி பிளேட் கிடைத்தால் நிஜ முகம் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்க வாய்ப்பு உண்டு. பென்சில் பிளேட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் டர்பன்டைனில் கரையும், கீழே பிளேட் பதிந்த முகம் அப்படியே இருக்கும். ஆனால் நிறைய ஸ்டூடியோக்கள் பழைய பிளேட்டுகளை வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் விற்றுவிட்டன. தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பிலும் ஒரு முறை பார்க்கச் சொன்னேன். அட்டையில் புடைப்பெழுத்தாக இருந்த ஸ்டூடியோ பெயரை வைத்து அந்தத் தெருவில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள் தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.