நிழல் சொன்ன மாதம்

"டிசம்பர் இல்லை என்பது உறுதியென்றால் பழைய காணொளி என்றே போட்டுவிடலாமே, தம்பி" என்று ஆசிரியர் கேட்டதற்கு நான் "போடலாம்" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைத்தான் இன்னும் மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வெள்ளக் காணொளி எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று நிழலை வைத்து நான் போட்ட கணக்கைப் பொறுத்தவரை எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் கணக்குக்கும் அந்தத் தலைப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றியது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வயல் வீதியை வெள்ளம் மூடிப் பாயும் காட்சி அது. "இன்று காலை" என்ற குறிப்புடன் டிசம்பர் முதல் வாரத்தில் கைக்குக் கை பரவியது. மதகுக் கட்டையும், அதன் எதிர்ப்புறம் நின்ற மின்கம்பத்தையும், வீதி வளையும் விதத்தையும் வைத்து இடத்தைச் செய்மதிப் படத்தில் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. பின்னால் நின்ற வான் வண்டியின் எழுத்துகள் நேராகவே தெரிந்ததால், படம் இடம்வலமாகத் திருப்பப்படவில்லை என்பதும் தெளிவாயிற்று. மீதமிருந்தது நிழல்தான்.

தெளிந்த நீரில் நிழல் சரியாக விழாது. கலங்கிய வெள்ளத்தில் நன்றாகவே விழும். கம்பத்தின் நிழல் சேற்று நீரின் மேல் வீதியைக் குறுக்கறுத்து, எதிர்ப்புறத்து மதகுக் கட்டின் ஓர் இடத்தில் ஏறியிருந்தது. இதைப்போல நல்ல வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. படத்தில் தெரியும் கோணத்தை நேரடியாக அளந்தால், கைத்தொலைபேசியின் அகன்ற வில்லையும் கமெரா நின்ற உயரமும் அதைக் குலைத்துவிடும். ஆனால் கம்பத்தின் அடி, நிழல் கட்டைத் தொட்ட இடம் ஆகிய இரண்டும் நிலத்திலுள்ள புள்ளிகள். அவற்றைச் செய்மதிப் படத்தில் குறித்துக் கோடிட்டால், அந்தக் கோட்டின் திசையே நிழலின் திசை. அது வடக்கிலிருந்து வலமாக 285 பாகையில் விழுந்தது. அப்படியானால் சூரியன் அதற்கு நேரெதிரே, 105 பாகையில், கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே நின்றிருக்கிறது. இரு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 6 மீற்றர். புள்ளியைக் குறிப்பதில் அரை மீற்றர் பிசகினாலும் திசை 5 பாகை வரை மாறும். ஆகவே 100 முதல் 110 வரை என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரின் அகலாங்கு இங்கே பெரிய உதவி செய்கிறது. மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருப்பதால், காலையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே ஏறுகிறது. உதித்து இரண்டு மணித்தியாலம் கழிந்த பின்னும் அதன் திசை அதிகம் மாறியிருக்காது. ஜூன் மாதத்திலென்றால் ஒன்றிரண்டு பாகைக்குள் அடங்கிவிடும். உச்சி வேளைக்கு அருகில்தான் அது வேகமாகச் சுழலும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்தவர்கள் நிழலின் திசையிலிருந்து நேரத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். இங்கே காலை நிழலின் திசை பருவத்தைச் சொல்லும். நேரத்தை அதன் நீளம்தான் சொல்லும்.

டிசம்பர் முதல் வாரத்தில் சூரியன் இங்கே உதிக்கும்போதே 112 பாகையில் நிற்கிறது. பின்னர் தெற்கு நோக்கி நகருமே தவிர, காலையில் கிழக்குப் பக்கம் திரும்பி வராது. மதகுக் கட்டோரம் முழங்கால் நீரில் நின்ற ஒருவரின் நிழல், நீருக்கு மேலே தெரிந்த அவருடைய உயரத்தைப் போல் சுமார் 1.7 மடங்கு இருந்தது. அவருடைய முழு உயரத்தை எடுத்திருந்தால் கணக்குப் பிழைத்திருக்கும். அந்த விகிதத்தின்படி சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கிறது. டிசம்பரில் அந்த உயரத்துக்கு அது வரும்போது அதன் திசை 121 பாகையாக இருக்கும். 105க்கும் 121க்கும் உள்ள வேறுபாடு எனது அளவுப் பிசகைவிட மூன்று மடங்கு. சூரியனின் நிலையைக் காட்டும் SunCalc தளத்தில் திகதியை மாற்றி மாற்றிப் பார்த்தும் இதே முடிவுதான் வந்தது.

ஆனால், டிசம்பர் அல்ல என்று தெரிந்ததோடு என்ன மாதம் என்பது தெரிந்துவிடவில்லை. சூரியன் ஆண்டில் ஒரே பாதையை இருமுறை கடக்கிறது, தெற்கே போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை. எனது கோணத்துக்கு ஒக்டோபர் நடுப்பகுதியும் பெப்ரவரி கடைசி வாரமும் சமமாகப் பொருந்தின; பிசகையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் மொத்தம் மூன்று வாரமளவு விரியும். இவ்விரண்டுக்கும் மணிக்கூட்டு நேரம் மட்டும் வேறு: அதே நிழல் ஒக்டோபரில் காலை 8 மணிக்கும், பெப்ரவரியில் ஏறத்தாழ 8.27க்கும் விழும். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஒக்டோபரில் 11.49 ஆகவும் பெப்ரவரியில் 12.16 ஆகவும் இருப்பதே காரணம். படத்தில் ஒரு மணிக்கூடு தெரிந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். நேரத்தைக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் கால் மணித்தியாலம் முன்பின் சேர்த்தே சொல்வேன்.

எங்கள் செய்தியாளர் ஒருவர், தானும் வயல் செய்பவர், நீருக்கு மேல் தெரிந்த பயிரைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். கதிர் சாய்ந்திருந்தது. "ஒக்டோபரில் விதைப்பே முடிந்திருக்காது, இது பெரும்போக அறுவடை, மாசி" என்றார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். எனினும் எந்த ஆண்டு மாசி என்பதை நிழல் ஒருபோதும் சொல்லாது. அதே நாளில் அதே நேரத்தில் நிழல் ஆண்டுதோறும் அதே இடத்திலேயே விழும். "போன வருடம் என்று போடலாமா" என்று ஆசிரியர் கேட்டபோது நான் மறுத்ததில் எனக்குத் திருப்தி உண்டு. அடுத்து வந்ததுதான் "பழைய காணொளி".

மறுநாள் அந்தப் பகுதியிலிருந்து வயதான ஒருவர் அழைத்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "படம் பழசுதான் மகன். எங்கட றோட்டுல இப்ப தண்ணி நிக்குதா இல்லையா எண்டு நீங்க பாத்தீங்களா?" நான் பார்த்திருக்கவில்லை. அதைப் பார்ப்பது என்னிடம் கேட்கப்பட்ட வேலையும் அல்ல. அந்தக் காலையில் அங்கே மழை மூட்டம். நிழலே விழாத நாளில் எடுத்த படங்கள் கண்ணைக் கவராததால், வெயிலில் பளிச்சென்று தெரிந்த பழைய படத்தை யாரோ எடுத்து அனுப்பியிருக்கலாம் என்று அவர் பேச்சிலிருந்து ஊகித்தேன். எங்கள் செய்தியைப் படித்த சிலர் அவ்வூரில் வெள்ளமே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொன்னார்.

நாங்கள் எழுதியது படத்தைப் பற்றி மட்டும்தான், அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். பொய்ப்படத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் அடுத்த முறை உண்மையான படத்தையும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதும் சரியான வாதமே. ஆனால் "இக்காட்சி டிசம்பரில் எடுக்கப்பட்டதல்ல" என்ற வாக்கியம் என் கையில் முழுமையாக இருந்தது. அதைவிட்டு, ஒன்பது மாதமா ஒன்பது வருடமா என்று எனக்கே தெரியாத ஒரு "பழைய"வுக்கு ஏன் இவ்வளவு சுலபமாகத் தலையசைத்தேன் என்பதற்கு அந்த வாதம் பதில் சொல்லவில்லை. தலைப்பு நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று ஆசிரியர் சொல்வார், அதுவும் பொய்யல்ல.

இப்போது அறிக்கையின் அடியில் "அவ்விடத்தின் தற்போதைய நிலை இங்கு ஆராயப்படவில்லை" என்று ஒரு வரி சேர்க்கிறேன். இடப்பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான். அதற்காக ஒவ்வொரு முறையும் சண்டை பிடிக்க வேண்டுமா, அல்லது அந்த ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பதையும் என் வேலையாக்கிக்கொள்ள வேண்டுமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.