ஓட்டுல 1865னு போட்டிருந்தா வீடு 1865 ஆயிருமா? ஆச்சி வீட்டுச் சுவத்துல மூணு மாசம்

மூணு மாசமா பிடிபடாம இருந்த விஷயம் போன ஞாயித்துக்கிழமை ஒரு ஆக்ஸா பிளேடு புண்ணியத்துல பிடிபட்டுச்சு, அந்த வேகத்துலயே எழுதுதேன்.

சேரன்மாதேவி பக்கம் எங்க ஆச்சி வீடு. நடை, தார்சாங்கற முன்கூடம், பட்டாசல்ங்கற உள்கூடம், அடுக்களை, புறவாசல்னு ரயில்பெட்டி மாதிரி நீளமா போகும். பெரியப்பாவைக் கேட்டா "கட்டபொம்மன் காலத்து வீடுல"ம்பாரு, அப்படின்னா 1799க்கு முந்தி. சித்தப்பா அதை ஒத்துக்கிட மாட்டாரு, ஒரு ஓட்டைக் கழட்டி அடியில இருக்கற அச்சைக் காட்டி "இந்தா தேதியே போட்டிருக்கான், 1865"ம்பாரு. ரெண்டு பேரும் அப்படி அடிச்சுச் சொன்னது தப்பு, ஆனா அதைச் சொல்ல எனக்கு மூணு மாசம் ஆச்சு.

ஓட்டுக்கதைய முதல்ல முடிச்சிருதேன், நிறைய பேரு ஏமாறுத இடம் அது. பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்ச வருஷம் 1865. அதைத்தான் ஓட்டுல அச்சடிச்சாங்க, அந்த ஓடு சுட்ட வருஷம் இல்ல. அல்வா டப்பாவுல கடை ஆரம்பிச்ச வருஷம் போட்டிருந்தா நேத்து கிண்டின அல்வாவுக்கு அதுவா வயசு? அது போக ஓடுங்கறது கழட்டி மாட்டுத சாமான். சுவரு ஒரு காலம், ஓடு ஒரு காலம். எங்க வீட்டுல பரண்ல ஏறிப் பார்த்தா சுவத்தோட உச்சியில மூணு வரி மட்டும் வேற செங்கல், அதுக்குக் கீழ பழைய கட்டைங்க சொருகியிருந்த குழி எல்லாம் வரிசையா அடைச்சுக் கெடக்கு. பழைய கூரைய எடுத்துட்டு சுவத்தைக் கொஞ்சம் ஒசத்தித்தான் இந்த ஓடு போட்டிருக்காங்க. அப்போ ஓட்டை வச்சு சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான், இந்தக் கூரை 1865க்கு முந்தினது இல்ல. சுவத்தைப் பத்தி ஓடு ஒண்ணும் சொல்லாது.

இப்போ அசல் விஷயம். பட்டாசலோட முன் சுவரும் தார்சாவோட பக்கச் சுவரும் சேருத மூலையில மேல இருந்து தரை வரைக்கும் ஒரு விரிசல். வருஷா வருஷம் பூசுவாங்க, அடுத்த வெயிலுக்கு அதே இடத்துல திரும்ப வந்துரும். நான் அஸ்திவாரம் எறங்குதுன்னு நெனச்சு பயந்துக்கிட்டே இருந்தேன். நம்ம ஊர் கொத்தனார் அண்ணாச்சி ஒருத்தரு வந்து பார்த்துட்டு சிரிச்சாரு. "தம்பி, அஸ்திவாரம் எறங்குனா விரிசல் படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலா எறங்கி வரும். இது நூலு பிடிச்ச மாதிரி நேரா நிக்கி. இந்த ரெண்டு சுவரும் என்னைக்குமே ஒண்ணா இருந்தது இல்ல"ன்னாரு.

ஒரே நேரத்துல கட்டுத சுவருன்னா மூலையில ஒரு வரி இந்தப் பக்கத்துச் செங்கல் உள்ள போகும், அடுத்த வரி அந்தப் பக்கத்துச் செங்கல் உள்ள போகும், விரலைக் கோர்த்த மாதிரி. பின்னால வந்து ஒட்டுனது அப்படிக் கோர்த்துக்கிடாது, சும்மா சாஞ்சு நிக்கும். அதுக்குத்தான் ஆக்ஸா பிளேடு. மூலையில காரைய ரெண்டு விரல் அகலத்துக்குச் சுரண்டிட்டு அந்தக் கோட்டுல பிளேடை விட்டேன், எட்டு இஞ்சு தங்கு தடையில்லாம உள்ள போயிருச்சு. ஒரு எடத்துல போனது போதாது, இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், தலைக்கு மேலன்னு மூணு எடத்துல விட்டுப் பாக்கணும், ஏன்னா சில கொத்தனாருங்க பழைய சுவத்துல நாலு வரிக்கு ஒண்ணு கொத்தி எடுத்து புதுசைக் கோர்த்து விடுவாங்க. அப்படிக் கோர்த்த எடத்துல பிளேடு முட்டும். ஆனா அங்க பழைய செங்கலோட விளிம்பு ஒடஞ்சு பிசிறா இருக்கும், முதல்லயே கோர்த்துக் கட்டுனது மாதிரி சுத்தமா இருக்காது. எங்க வீட்டுல மூணு எடமும் போச்சு.

சரி, ரெண்டும் வேற வேற காலம். எது மூத்தது? இங்கதான் மூணு மாசம் போச்சு. தார்சாதான் பழசுன்னு நான் அடிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தேன், காரணம் அங்க இருக்கற மரத்தூணு. கைக்கு அடங்காத கனம், அடியில கல்லு. பட்டாசல்ல அப்படி ஒண்ணும் கெடையாது. இது எவ்வளவு முட்டாள்தனம்னு இப்போ தெரியுது, தூணு எங்க வேணும்னாலும் போகும், ஒரு வீடு இடிஞ்சா நாலு வீட்டுல அந்தத் தூணு நிக்கும்.

ஒட்டுன கோட்டுக்குள்ள பூச்சு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம். மூத்த சுவத்தோட முகத்துல இருக்கற காரையும் வெள்ளையும் எளைய சுவத்துக்குப் பின்னால தொடர்ந்து போகும். எளைய சுவத்தோட பூச்சு மூலையில வந்து நின்னுரும். அதைப் பாக்க நல்ல எடம் கண்ணுக்கு நேரா இருக்கற சுவரு இல்ல, அங்கதான் அம்பது தடவை பூசியிருப்பாங்களே. பரண், கதவுக்குப் பின்னால, மாட்டுத்தொழுவம் பக்கம், இப்படி ஆளு கை படாத மூலையாப் பாக்கணும்.

ஞாயித்துக்கிழமை பரண்ல படுத்துக்கிட்டு மொபைல் டார்ச்சை சுவத்தோட ஒட்டி சாய்ச்சு அடிச்சேன் (நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சு அடிச்சாத்தான் மேடு பள்ளம் நிழலு காட்டும்). பட்டாசல் சுவத்து வெள்ளை தார்சா சுவத்துக்குப் பின்னால போகுது! ஒரு படலம் இல்ல, வெங்காயத்தோலு மாதிரி அடுக்கு அடுக்கா, நடுவுல ஒரு காவிப்பட்டை வேற. கீழ எறங்கி வந்து பட்டாசல் வாசலுக்கு வலது பக்கம் இருக்கற விளக்கு மாடக்குழியப் பார்த்தேன். இடது பக்கம் எங்கடே? அதே உயரத்துல, அதே தூரத்துல சுவத்தைத் தட்டினேன், ஒரு எடத்துல டொப்புன்னு சத்தம். பெரியப்பாகிட்ட அனுமதி வாங்கி உள்ளங்கை அளவு காரைய எடுத்தா, மாடக்குழியில பாதி. மீதிப் பாதிய தார்சா சுவரு மறைச்சு நிக்கி. உள்ள விரலை விட்டா இன்னும் கரி ஒட்டுது. எத்தனை வருஷமா எரிஞ்ச விளக்கோ.

அப்போ பட்டாசலோட முன் சுவருதான் ஒரு காலத்துல வீட்டோட வெளிச்சுவரு, தெருவைப் பாத்து நின்னது. தார்சா பின்னால வந்து முன்னால உக்காந்திருக்கு.

இதுல ஒரு பொறி இருக்கு. தார்சா சுவத்துலயும் அதே ஒண்ணேகால் இஞ்சு கனத்துப் பட்டைச் செங்கல்தான். பத்து வரிய மொத்தமா அளந்து பத்தால வகுத்தேன் (ஒரு வரிய மட்டும் அளந்தா சாந்து கனம் ஏமாத்திரும்), ரெண்டு சுவத்துலயும் பத்து வரி பத்தொம்பது இஞ்சுக்குப் பக்கத்துல வந்துச்சு. அப்போ ஒரே காலமா? இல்ல. சுண்ணாம்புச் சாந்துலயோ மண்ணுலயோ கட்டுன செங்கலு ஒடையாம முழுசா கழண்டு வரும், சுத்தம் பண்ணி திரும்பக் கட்டிருவாங்க. தார்சாவுல ரெண்டு செங்கலைக் கூர்ந்து பார்த்தேன், உள்பக்கம் திரும்பி இருக்கற முகத்துல பழைய வெள்ளை ஒட்டியிருக்கு. ஒருத்தரும் சுவத்துக்குள்ள வெள்ளையடிக்க மாட்டாங்களே. பழைய கல்லு, புதுச் சுவரு. செங்கல் அளவை மட்டும் வச்சு வயசு சொல்லுத வீடியோ எல்லாம் பார்த்து நான் வீணாக்குன நேரத்துக்குக் கணக்கே இல்ல, சூளைக்குச் சூளை அளவு மாறும், செங்கலு வேற ஊரு சுத்தும்.

தார்சாவுக்கு வருஷம் குடுத்தது மட்டப்பாங்கற தட்டைக் கூரையைத் தாங்குத இரும்பு உத்தரம். பெயிண்டைச் சுரண்டுனா டார்மன் லாங், இங்கிலாந்துன்னு எழுத்து. அந்தக் கம்பெனி 1875ல ஆரம்பிச்சது, ஸ்டீல் உத்தரம் உருட்டுனது 1880கள்ல. உத்தரம் பின்னால சொருகுனதா இருக்கலாம்லா, அதனால அது சுவத்துல போய் உக்காருத எடத்தைப் பார்த்தேன். சுவத்தை ஒடச்சு சொருகியிருந்தா சுத்திலும் ஒடஞ்ச கல்லும் வேற சாந்தும் இருக்கும். இங்க அடியில ஒழுங்கா ஒரு தாங்குகல்லு, சுத்தி அதே சுண்ணாம்புச் சாந்து, வரி பிசகல. ரெண்டும் சேர்ந்தே வந்தது. ஆக தார்சா 1880களுக்கு முந்தி இருக்க வழியே இல்ல. எவ்வளவு பிந்தின்னு உத்தரம் சொல்லாது.

அடுக்களை சுலபம், மூணு இஞ்சு செங்கலு, சாம்பல் நிற சிமெண்ட். நாட்டுல சிமெண்ட் 1914லயே போர்பந்தர்ல பண்ண ஆரம்பிச்சாச்சு, ஆனா நம்ம தாழையூத்துல ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சது 1949ல, ஊர்ப்பக்கத்து வீட்டுக்கெல்லாம் தாராளமா சிமெண்ட் வந்தது அதுக்குப் பெறகாத்தான் இருக்கும்னு என் யூகம். ஆச்சி கல்யாணமாகி 1958ல வரும்போது அடுக்களையில புதுச்சுண்ணாம்பு வாசம் அடிச்சுதாம். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு பொங்குனா சுண்ணாம்புச் சாந்துன்னு ஒருத்தரு சொன்னதை நம்பி அங்கயும் பிழிஞ்சேன், சிமெண்டும் பொங்குச்சு. பழைய சிமெண்டும் காத்து பட்டுப் பட்டு லேசா பொங்கத்தான் செய்யும். அதை விட்டுட்டு சாந்துக்குள்ள மிளகு அளவு வெள்ளைக் கட்டி தெரியுதான்னு பாருங்க, சரியாக் கலக்காத சுண்ணாம்பு அது, சிமெண்ட் சாந்துல அப்படி இருக்காது.

இப்போ நான் போட்ட ஓட்டையெல்லாம் அடைக்கணும். சிமெண்ட் வச்சு அடைக்கப் போனேன், அண்ணாச்சி கையைத் தட்டி விட்டாரு, சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்ட் வச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம சுத்தி இருக்கற காரையும் சேர்ந்து பொரிஞ்சு விழுமாம். சுண்ணாம்பு ரெண்டு வாரமா பானையில ஊறுது, அந்தச் சாந்துல சேக்கக் கடுக்காய் டவுன்ல நாட்டு மருந்துக்கடையில வாங்கியாச்சு, கருப்பட்டிதான் தகராறு. உடன்குடி கருப்பட்டின்னு சொல்லி வித்தது பாதி சீனி, தண்ணியில போட்டதும் தெரிஞ்சு போச்சு. நல்லதா எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்து நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தைப் போய்ப் பாக்கணும், சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் 1647ல பின்னால சேர்த்துக் கட்டுனது, சேருத எடம் கல்லுல எப்படி இருக்குன்னு பாக்க ஆசை.

அதுக்கு முந்தி பட்டாசலையே இன்னும் முடிக்கல. மண் சாந்து, பட்டைச் செங்கல், இரும்பே கெடையாது, வருஷம் சொல்ல ஒரு பிடியும் சிக்கல. பெரியப்பாவோட கட்டபொம்மனை ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல, 1799ன்னு அடிச்சுச் சொல்லுததுதான் தப்பு. வடக்குச் சுவத்துல டார்ச் சாய்ச்சு அடிச்சா ரெண்டே முக்கால் அடி இடைவெளியில ரெண்டு நேர்கோடு தெரியுது, மேல ஒரு மரக்கட்டையோட நுனி, அடைச்ச வாசல்தான். அந்தக் கட்டையைப் பாக்கணும்னா பீரோவை நகத்தணும். பீரோவுக்குள்ள ஆச்சியோட பட்டுச்சேலை எல்லாம் இருக்கு, ஆடி முடியட்டும்னு சொல்லிட்டாங்க.