அச்சுப் புள்ளியை எடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளியும் போகிறது

திருவையாற்றில் மாமா வீட்டுப் பரணில் இருந்து வந்த பழைய வார இதழ்ப் பக்கம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கல்லணையின் வண்ணப் படம். கீழ்ப்பகுதியில், தண்ணீரின் மேலேயே கறுப்பு எழுத்தில் 'கல்லணையில் தண்ணீர் திறப்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாளை மடித்த கோடு சரியாக 'தண்ணீர்' நடுவே ஓடி, 'ண்ணீ' இரண்டும் உரிந்துவிட்டன. அந்த எழுத்துகளை மீட்பதுதான் வேலை.

அச்சுப் படம் என்பது சின்னச் சின்ன மைப் புள்ளிகளின் வரிசை. எழுத்தை மீட்பதற்கு முன் படத்தில் இருக்கும் அந்த அச்சுப் புள்ளிகளை எடுத்தாக வேண்டும். புள்ளியோடு இருக்கும் தண்ணீரை ஒட்டுப்போட்டால், ஒட்டின் புள்ளி வரிசையும் சுற்றியுள்ள வரிசையும் பொருந்தாது. ஒட்டுப்போட்ட இடம் தழும்பு மாதிரி தெரியும். படத்தைச் சிறிதாக்கினால் அலை அலையான கோலமும் வந்து சேரும்.

அச்சுப் புள்ளியைத் தானாக எடுக்க ஸ்கேனரில் வரும் டீஸ்கிரீன் வசதியை அணைத்துவிட்டேன். அது படத்தையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மழுக்கிவிடும். 600 டிபிஐ, டிஃப் கோப்பு, தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை. அட்டை இல்லாவிட்டால் பின்பக்க எழுத்து நிழலாக ஊடுருவித் தெரியும்.

அடுத்து புள்ளியின் இடைவெளியை அளந்தேன். ஒரு வரிசையில் 20 இடைவெளிகள் 142 பிக்சல். அதாவது இடைவெளி ஒன்றுக்கு 7.1 பிக்சல், அங்குலத்துக்கு ஏறக்குறைய 85 வரி. இந்தப் புள்ளி வரிசைக்குத்தான் அச்சுத் திரை என்று பெயர். இது செய்தித்தாள் தரத்துத் திரை. வழவழப்பான தாளில் வரும் இதழ்களில் 133, 150 என்று நெருக்கமாக இருக்கும்.

முதலில் எளிய வழியையே பார்த்தேன். மீடியன் வடிகட்டி ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ள வட்டத்தின் நடு மதிப்பை வைக்கும். அதை ஆரம் 7 வைத்து ஓட்டியதும் தண்ணீர் அழகாகத் தெளிந்தது. ஆனால் உரியாமல் மிஞ்சிய எழுத்து 'கலலணையில த…ர திறபபு' ஆகிவிட்டது. காரணம் கணக்கில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் மெய்யெழுத்துப் புள்ளியின் விட்டம் 9 பிக்சல், பரப்பு 64 பிக்சல் அளவு. 7 ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 150-க்கு மேல். வட்டத்தில் பாதியைக்கூட நிரப்பாத எதையும் மீடியன் அழித்துவிடும். ஆரத்தைக் குறைத்தால் மெய்யெழுத்துப் புள்ளி பிழைக்கும். அச்சுப் புள்ளியும் சேர்ந்தே பிழைக்கும். காஸியன் மங்கல் கொடுத்தால் புள்ளி அழியாமல் சாம்பல் கறையாக நிற்கிறது, எழுத்தின் ஓரமெல்லாம் பஞ்சாகிவிடுகிறது. ஆங்கிலப் பக்கத்தில் ஐ, ஜே என்ற இரண்டு சிறிய எழுத்துகளுக்குத்தான் இந்த ஆபத்து. தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் உண்டு.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன். படம் தனியாக, எழுத்து தனியாக.

படத்துக்கு ஃபூரியே வழி. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைத் தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு அது. அதற்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள். படத்தில் 2048 x 2048 அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, `Image > Color > Split Channels` கொடுத்துச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் `Process > FFT > FFT` ஓட்டவேண்டும். கறுப்புப் பின்னணியில் நடுவே ஒரு வெளிச்சப் புகை, அதைச் சுற்றித் தனித்தனியாகச் சில பொட்டுகள். புகை என்பது படமும் எழுத்தும், அதைத் தொடக்கூடாது. சுற்றியுள்ள பொட்டுகள்தான் அச்சுத் திரை. எங்கே தேடுவது என்பதும் தெரிந்ததே: 2048-ஐ 7.1-ஆல் வகுத்தால் 288. நடுவிலிருந்து அவ்வளவு தூரத்தில் பொட்டு இருக்கவேண்டும்.

முன்பு கும்பகோணத்தில் ஆஃப்செட் அச்சகத்தில் இருந்த சித்தப்பாவிடம் இதைக் காட்டினேன். "கறுப்பை எப்பவும் நாப்பத்தஞ்சு டிகிரில வைப்போம்டா, அந்தச் சாய்வுலதான் புள்ளி கண்ணுல குத்தாது" என்றார். அப்படியே இருந்தது. கறுப்பின் பொட்டுகள் நடுவிலிருந்து பக்கவாட்டில் 204, மேலும் கீழும் 204 தள்ளி நான்கு மூலையிலும் நின்றன. சிவப்புப் படத்தில் இதோடு சயான் என்ற வெளிர்நீல மையின் நான்கு பொட்டுகள் வேறு சாய்வில், பச்சையில் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையின் நான்கு. நீலத்தில் மஞ்சளுடையவை மிக மங்கலாக. இவற்றுக்கு வெளியே எதிரொலியாகச் சில சிறிய பொட்டுகளும் உண்டு. ஒவ்வொன்றின் மேலும் 12 பிக்சல் ஆரத்தில் கறுப்பு வட்டம் வைத்தேன். எதிர்ப்பக்கத்து ஜோடியையும் விடக்கூடாது. வட்டத்தைப் பெரிதாக்கினால் படத்தின் நுணுக்கமும் போய், ஓரங்களில் வளைய வளையமாக அலை வரும். பிறகு `Inverse FFT`, மூன்றையும் `Merge Channels` மூலம் சேர்த்தல்.

தண்ணீர் பிரமாதமாக வந்தது, மதகுகளின் கல் வரிசைகூட எண்ணலாம்போல. ஆனால் எழுத்துக்குள் உற்றுப் பார்த்தால் வெளிர்நிறத்தில் புள்ளிப் பேய்கள். எழுத்து முழுக் கறுப்பு. அதற்குள் திரைப் புள்ளி கிடையாது. ஆனால் இந்த வழி, சுற்றிலும் உள்ள புள்ளி வரிசை எழுத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் நீள்வதாக எடுத்துக்கொண்டு அங்கேயும் கழிக்கிறது. இல்லாததைக் கழித்தால் தலைகீழ்ப் புள்ளிதானே மிஞ்சும்? வட்டத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மேலே அசல் எழுத்தை வைத்து மூடுவதுதான் வழி.

எழுத்தைப் பிரிக்க ஜிம்ப் என்ற இன்னொரு மென்பொருள். புள்ளி எடுக்காத அசல் ஸ்கேனில் `Colors > Desaturate > Desaturate` போய் `Value` தேர்ந்தெடுத்தேன். இது ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று நிறங்களில் எது அதிக வெளிச்சமோ அதை மட்டும் எடுக்கும். சயான் புள்ளி சிவப்பில்தான் இருட்டு, மற்ற இரண்டில் வெளிச்சம், ஆகவே வெளுத்துவிடுகிறது. மெஜந்தா, மஞ்சளும் அப்படியே. தனியாக நின்று மூன்றிலும் இருட்டாக இருக்கும் மை கறுப்பு மட்டும். எனவே எழுத்தும், படத்தில் இருக்கும் கறுப்புத் திரைப் புள்ளிகளும் மிஞ்சும். `Threshold` கொடுத்து இமேஜ்ஜேக்குக் கொண்டுபோய், `Analyze Particles`-இல் `Pixel units` தேர்ந்தெடுத்து அளவு 40 முதல் என்று வைத்து, `Show: Masks` கேட்டேன். தண்ணீர்ப் பகுதியில் கறுப்புத் திரைப் புள்ளிகள் 20 பிக்சலைத் தாண்டவில்லை, மெய்யெழுத்துப் புள்ளியோ 64. இடையில் 40-ஐ வைத்ததும் எல்லாப் புள்ளியும் எழுத்தோடு வந்துவிட்டன.

இது வெளிறிய இடத்தில்தான் நடக்கும். வலது ஓரத்தில் மரநிழல் மேல் விழும் 'பு' அப்படியில்லை. அங்கே கறுப்புத் திரைப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திட்டாகி எழுத்தோடு சேர்ந்துகொண்டன. அதை மட்டும் கையால் வரைந்தேன்.

இப்போது அடியில் தெளிந்த படம், மேலே கறுப்பு எழுத்து என்று இரண்டு அடுக்கு. மடிப்புக் கோட்டை அடி அடுக்கில் `Heal` கருவியால் துடைத்தேன். புள்ளி இல்லாததால் சுலபமாக மறைந்தது. மேல் அடுக்குக்கு 'ண்' வேண்டும். இதே வரியில் 'கல்லணை' இருக்கிறதே, அதில் ண-வை வெட்டலாம் என்றால், பக்கம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கிறது. துதிக்கை வைத்த பழைய ணை. ண தனியாகப் பிரியாது. பக்கத்தின் அடியில், அதே அளவு எழுத்தில் 'மண்ணில்' கிடைத்தது. அதிலிருந்து ண், ணி இரண்டையும் எடுத்தேன். ணீ-யின் சுழியை மட்டும் 'நீர்' என்ற சொல்லிலிருந்து கொண்டுவந்து பொருத்தினேன். எழுத்தின் ஓரத்துக்கு ஒரு பிக்சல் மென்மை, தண்ணீருக்குத் துளி மணல்தன்மை. இல்லையென்றால் பழைய தாளில் புது பிளாஸ்டிக் ஒட்டியதுபோல் இருக்கிறது.

அடுத்தது இதே பக்கத்தின் தலைப்பு. கருநீல வானத்தில் வெள்ளை எழுத்து. இங்கே கணக்கு தலைகீழ்: மூன்று நிறப் படங்களையும் `Darken only` முறையில் அடுக்கினால் மை படாத தாள் மட்டுமே வெளிச்சமாக நிற்கும், எழுத்து கிடைத்துவிடும். ஆனால் மை பரவி, மூன்று மெய்யெழுத்துகளின் வெள்ளைப் புள்ளி அச்சிலேயே அடைபட்டிருக்கிறது. அவற்றை ஸ்கேனிலிருந்து மீட்க வழியில்லை. நல்ல புள்ளி ஒன்றை நகலெடுத்து வைக்கவேண்டியதுதான்.