முகவையிடமிருந்து என் தன்விவரத்தை மீட்ட அனுபவம்

சிங்கப்பூரில் கணக்குத் துறைப் பணி ஒன்றுக்கு நான் நேரடியாக விண்ணப்பித்தபோது, உங்கள் தன்விவரம் ஒரு வேலைவாய்ப்பு முகவை வழியாக ஏற்கெனவே எங்களிடம் வந்துவிட்டது, ஆகவே நேரடி விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது என்று அந்நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு பதில் அனுப்பியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்பதைவிட, அந்த முகவைக்கு நான் பதிவை நீக்கச் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. முகவை அறிமுகப்படுத்திய ஒருவரை நிறுவனம் நேரடியாக எடுத்துக்கொண்டாலும் தரகுத் தொகை கேட்கப்படலாம் என்பதால், இப்படி இரு வழிகளில் வரும் பெயரைப் பல நிறுவனங்கள் வம்பே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகின்றன.

முதன்முறை நான் எழுதியபோது, என் கணக்கைச் "செயலற்ற" நிலைக்கு மாற்றிவிட்டதாக முகவர் பதில் அளித்திருந்தார். அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் எவ்வளவு குறைந்த பொருள் என்பது பின்னர்தான் புரிந்தது. வேலை அறிவிப்பு மின்னஞ்சல்கள் நின்றுபோயினவே தவிர, என் தன்விவரம் அவர்களுடைய தரவுத்தளத்திலேயே இருந்தது. அந்த முகவர் வேலையை விட்டுச் சென்றபின் வந்த மற்றொருவர் தேடிப் பார்த்து, பொருத்தமாக இருக்கிறதே என்று எடுத்து அனுப்பிவிட்டார்.

இம்முறை தொலைபேசியில் வாதாடாமல், முகவையின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கே எழுதினேன். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் இப்பொறுப்புக்கு ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் தர வேண்டும். பெரும்பாலும் இணையப்பக்கத்தின் அடியில், தனியுரிமைக் கொள்கைக்குள் அது ஒளிந்திருக்கும். கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளை வைத்தேன். ஒன்று, கடந்த ஓராண்டில் என் தகவல்களை எவ்வாறு பயன்படுத்தினீர்கள், யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று 21ஆம் பிரிவின்படி தெரிவிக்க வேண்டும். மற்றொன்று, 16ஆம் பிரிவின்படி என் இசைவை முழுமையாக விலக்கிக்கொள்கிறேன், இனி எந்த முதலாளிக்கும் என் தன்விவரத்தை அனுப்பக் கூடாது. பட்டியலைத் தந்த பிறகே பதிவை அழிக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டேன். முதலில் அழித்துவிட்டால், யாருக்கு அனுப்பினோம் என்பதற்கான தடமும் கூடவே போய்விடும்.

பதிலாக வந்தது ஒரு படிவம். அதில் அடையாள அட்டையின் இரு பக்க நகலையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். தகவலைத் திரும்பப் பெற வந்த இடத்தில் கூடுதல் தகவலைக் கொடுப்பதா என்று எனக்குச் சினம் வந்தது. பதிவு செய்தபோது கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் எழுதுகிறேன், வேண்டுமானால் பதிவிலுள்ள எண்ணுக்கு அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றும், அடையாள அட்டை நகலைத் தேவையின்றிக் கேட்பதைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி 2019 செப்டம்பர் முதலே கட்டுப்படுத்துகிறது என்றும் எழுதினேன். மறுநாளே அழைப்பு வந்தது, நகல் பேச்சு அத்தோடு நின்றது.

இசைவை விலக்கினால் நடப்பிலுள்ள விண்ணப்பங்களும் நின்றுவிடும் என்ற எச்சரிக்கை அடுத்து வந்தது. விளைவுகளைத் தெரிவிப்பது அவர்கள் கடமை, ஆனால் அதைக் காட்டி விலகலைத் தடுக்க அவர்களுக்கு உரிமையில்லை. இத்தகைய விலகலைச் செயல்படுத்தப் பொதுவாகப் பத்து வேலை நாள்கள் நியாயமான கால அளவு என ஆணையத்தின் வழிகாட்டி கருதுகிறது. பட்டியலுக்கான கோரிக்கைக்கு 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தர முடியும் என்பதையாவது அதற்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

பட்டியல் வந்ததும்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. இசைவு விலக்கப்பட்டதை முகவை தன் சார்பாகச் செயல்படுவோருக்கும், தனக்காகத் தகவலைக் கையாளுவோருக்கும் சொல்லி நிறுத்தியாக வேண்டும். ஏற்கெனவே தன்விவரத்தைப் பெற்றுக்கொண்ட முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது. ஆகவே பட்டியலிலிருந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும், இந்த முகவை இனி என் சார்பில் பேச உரிமையற்றது, அதன் வழியாக வந்த என் தன்விவரத்தை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று தனித்தனியே எழுதி, விலகலை முகவை ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் இணைத்தேன். சிலர் உடனே ஒப்புக்கொண்டனர், சிலர் பதிலே தரவில்லை.

முகவை எல்லாவற்றையும் அழித்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். இசைவு விலக்கல் பயன்பாட்டையும் பகிர்வையும்தான் நிறுத்துகிறது. சட்டத் தேவைக்காகவோ வணிகத் தேவைக்காகவோ சில பதிவுகளை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்த இறுதிப் பதிலில், தன்விவரம் நீக்கப்பட்டது என்றும், மீண்டும் தவறுதலாகச் சேர்க்கப்படாதிருக்கப் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் தடைப்பட்டியலில் வைக்கப்படும் என்றும் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டேன். நான் விண்ணப்பித்த அந்தக் கணக்குப் பணிக்கு அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே மனிதவளப் பிரிவு, அடுத்த காலியிடத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தில் உறுதி தந்திருக்கிறது.