கடைசிச் சீட்டு எடுத்தேன்: 30 சதவீதக் கழிவும் எனக்குக் கிடைத்த 9 சதவீதமும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காகிதம், நோட்டுப் புத்தகம் விற்கும் சிறிய கடை என்னுடையது. 2023 ஜனவரியில் 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்றில் சேர்ந்தேன். 25 பேர், 25 மாதம், மாதத் தவணை 20,000 ரூபாய். மகளின் கல்லூரிச் செலவு 2025இல்தான் வரும். அதனால் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை, கடைசி வரை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வசூலுக்கு வருபவரும், "கடைசியில் எடுப்பவருக்குத்தான் சார் முழு லாபம். ஏலம் 30 சதவீதம் போகிறது, பாருங்கள்" என்றார். அந்த 30 சதவீதத்தை என் லாபம் என்றே நினைத்துக்கொண்டு சேர்ந்தேன். உண்மையில் அது என் லாபமல்ல என்பது புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் ஏலத்துக்கு நேரில் போயிருந்தேன். ஒரு மேசை, நடவடிக்கைப் பதிவேடு, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகைதான் கழிவு. எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு 30 சதவீதம் உச்ச வரம்பு. கேட்க ஆரம்பித்த இரண்டு நிமிடத்தில் நான்கு பேர் அந்த வரம்புக்கே வந்து நின்றுவிட்டார்கள். அதற்குமேல் கேட்க முடியாது என்பதால் நான்கு பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். பெயர் வந்தவர் 5 லட்சத்தில் 1,50,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 3,50,000 எடுத்தார்.

அந்த 1,50,000 அப்படியே எங்களுக்குப் பங்காகி வந்துவிடவில்லை. அதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000 ரூபாய் முதலில் போகும். மீதி 1,25,000 ரூபாயை 25 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 5,000. சீட்டு எடுத்தவருக்கும் இந்தப் பங்கு உண்டு. அடுத்த மாதத் தவணையில் அதைக் கழித்துக்கொண்டு 15,000 கட்டினால் போதும். ஆக, 30 சதவீதக் கழிவு என்பது எனக்கு அந்த மாதம் தந்தது 5,000 ரூபாய்தான்.

முதல் எட்டு மாதங்கள் இப்படியே உச்ச வரம்பிலேயே போயின. ஒன்பதாவது மாதம் 29, பத்தாவது 27, பிறகு 25, 22, 19 என்று இறங்கியது. பணம் அவசரமாக வேண்டியவர்கள் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலக் காத்திருப்பவர்கள் என்பதால் போட்டி குறைகிறது. பதினைந்தாவது மாதம் 15 சதவீதம், இருபதாவது மாதம் 8, இருபத்தொன்றில் 6. 2024 அக்டோபரில் வந்த இருபத்திரண்டாவது ஏலத்தில் கமிஷனுக்கு மேல் கழிவு தர யாரும் தயாராக இல்லை. ஐந்தே சதவீதம். அன்றைக்குப் பங்காகப் பிரிக்க ஒரு ரூபாய்கூட இல்லை. அதன் பிறகு கடைசி வரை அப்படித்தான்.

அந்த அக்டோபரில்தான் நான் தவறு செய்தேன். மிச்சமிருந்தது நான்கு பேர். யாரும் கூடுதலாகக் கேட்காததால் குலுக்கல் போடலாம் என்றார்கள், என் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார்கள். கடைசியில் எடுத்தால்தான் லாபம் என்பது மனதில் பதிந்திருந்ததால் வேண்டாம் என்றேன். எடுத்தால் மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்களே என்ற தயக்கமும் இருந்தது. அடுத்த இரண்டு குலுக்கலிலும் ஒதுங்கியே இருந்தேன்.

2025 ஜனவரியில் சீட்டு என் பெயரில் முடிந்தது. பணம் கைக்கு வந்தது பிப்ரவரியில்: 4,70,500 ரூபாய். 5 லட்சத்தில் கமிஷன் 25,000 போக, அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,500 ரூபாய் என் கணக்கில் கழிந்திருந்தது. 2022 ஜூலை 17 வரை இந்த வரி 12 சதவீதமாக இருந்தது.

அந்த வாரம் அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறவன். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, 25 மாதத்துப் பங்கையும் கூட்டிப் பாருங்கள்" என்றான். கூட்டினேன், 70,000 வந்தது. தவணை மொத்தம் 5 லட்சம், சீட்டுத் தொகையும் 5 லட்சம், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எனவே என் லாபம் என்பது நான் வாங்கிய பங்குகள் 70,000, அதில் நான் எடுத்தபோது கொடுத்த கழிவு 25,000, வரி 4,500 இரண்டும் போக மீதி. 40,500 ரூபாய். கட்டியது 4,30,000, கிடைத்தது 4,70,500, சரியாகப் பொருந்தியது.

இந்தக் கணக்கில் முதல் மாதத்து 30 சதவீதம் தனியாக எங்குமே வருவதில்லை. எல்லா மாதங்களின் பங்கும் சேர்ந்துதான் வருகிறது. கழிவு எட்டு மாதம் உச்சத்தில் நின்றதால்தான் பங்கு 70,000 ஆயிற்று. நான்காவது மாதமே இறங்கியிருந்தால் என் லாபம் இன்னும் சுருங்கியிருக்கும். சேரும்போது இதை யாராலும் சொல்ல முடியாது. அதே நிறுவனத்தில் முடிந்துபோன இதே அளவுச் சீட்டின் மாதவாரிக் கழிவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் ஓரளவு வழி.

அடுத்து சதவீதம். 4,30,000க்கு 40,500 என்றால் 9.4 சதவீதம். இரண்டு ஆண்டுக்கு அவ்வளவுதானா என்று எனக்குத் துக்கமாக இருந்தது. அவன் அப்படி வகுக்கக் கூடாது என்றான். முதல் தவணை என்னிடமிருந்து போய் 25 மாதம் ஆயிற்று, கடைசித் தவணை போய் ஒரே மாதம்தான். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் வெளியே இருந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம். அதனால் 25 மாதச் சீட்டில் கடைசியில் எடுப்பவரின் மொத்த லாபச் சதவீதம், ஆண்டுச் சதவீதத்துக்கு ஏறக்குறைய அருகில் வந்துவிடுகிறது. துல்லியமாகப் பார்க்க எக்செலில் ஒரு நிரலில் தேதிகளையும், அடுத்ததில் கட்டிய தொகையைக் கழித்தல் குறியோடும், 26ஆவது வரிசையில் கிடைத்த தொகையையும் இட்டான்.

```
=XIRR(B1:B26, A1:A26)
```

ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வந்தது. அப்போது வங்கித் தொடர் வைப்பில் 7 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தது. அதைவிட இரண்டு சதவீதம் அதிகம், அவ்வளவே.

பிறகு அவன் கேட்ட கேள்வி என்னை உலுக்கிவிட்டது. "இருபத்திரண்டாவது மாதமே ஐந்து சதவீதத்துக்கு வந்துவிட்டதே, ஏன் எடுக்கவில்லை?" நான் சொன்ன பதிலுக்கு அவன் பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தையே காட்டினான். அக்டோபரில் எடுத்தவருக்கும் 4,70,500, பிப்ரவரியில் எனக்கும் 4,70,500. கட்ட வேண்டிய தவணையும் இருவருக்கும் ஒன்றே. எடுத்த பிறகும் பங்கு தொடர்ந்து வருவதால், எடுப்பதாலோ காத்திருப்பதாலோ தவணையில் மாற்றமே இல்லை. வேறுபடுவது கைக்கு வரும் தொகையும் அது வரும் நாளும் மட்டும். கழிவு கமிஷனுக்கு வந்துவிட்ட பிறகு காத்திருந்த மூன்று மாதத்துக்கு எனக்குக் கூலி எதுவுமில்லை.

ஜாமீன் பயமும் வீண். மீதி மூன்று தவணை 60,000 ரூபாயை அந்தப் பணத்திலேயே நிறுவனத்திடம் விட்டுவிட்டு 4,10,500 வாங்கியிருக்கலாம். அதை 7 சதவீதத்தில் மூன்று மாதம் போட்டிருந்தால் 7,184 ரூபாய். அக்டோபர் குலுக்கலில் என் பெயர் வந்து பணம் நவம்பரில் கிடைத்திருந்தால் ஆண்டு விகிதம் 9 அல்ல, ஏறக்குறைய 12 சதவீதம் என்றும் கணக்கிட்டுக் காட்டினான். குலுக்கல் என்பதால் உறுதியில்லை. ஆனால் பெயரைக் கொடுக்காமலேயே இருந்தேனே!

அதற்கு முந்தைய மாதங்களில் காத்திருந்தது சரிதான். இருபதாவது மாதம் 8 சதவீதக் கழிவில் எடுத்திருந்தால் 4,55,500 கிடைத்திருக்கும். இரண்டு மாதம் பொறுத்தால் 15,000 கூடுதல். அதே பணத்துக்கு வங்கியில் இரண்டு மாத வட்டி 5,300 ரூபாய் அளவுதான் வரும். எங்கள் சீட்டில் கழிவு ஒரு சதவீதம் இறங்கினால் 5,000 ரூபாய், நாலரை லட்சத்துக்கு மாத வட்டி 2,600 சொச்சம். ஆகவே கழிவு மாதத்துக்கு அரை சதவீதத்துக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும்வரை பொறுக்கலாம். இறங்குவது நின்ற மாதம் எடுத்துவிட வேண்டும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

தாமதமாக எடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பணம் வருவதற்கு முன்னால் எடுத்த 24 பேரும் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் சீட்டில் கடைசி ஆறு மாதமாக, எடுத்தவர்களுக்குப் பணம் கொடுப்பது பத்து நாள், இருபது நாள் என்று தள்ளிப்போனதை நான் கேள்விப்பட்டும் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் ஒரு மாதம் ஆயிற்று. பதிவு பெற்ற சீட்டு என்பதால் மட்டுமே அந்த ஒரு மாதம் தூக்கம் வந்தது.

இந்த ஜூனில் அதே வசூல்காரர் புதிய சீட்டுக்கு வந்தார். அதே 5 லட்சம், அதே 25 மாதம், கமிஷன் மட்டும் 7 சதவீதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் அவ்வளவு வரை அனுமதிக்கிறது. "இரண்டு சதவீதம்தானே சார்" என்றார். அவர் எதிரிலேயே பழைய பாஸ்புக்கை எடுத்து வைத்து எழுதிப் பார்த்தேன். அதே கழிவுகள் வந்தாலும் மாதப் பங்கில் 400 ரூபாய் குறையும், 25 மாதத்தில் மொத்தம் 8,200. கடைசியில் எடுக்கும்போது கழிவு 10,000 அதிகம், வரி 1,800 அதிகம். எல்லாம் சேர்ந்து 20,000. என் 40,500 ரூபாய் லாபம் 20,500 ஆகி, ஆண்டு விகிதம் நாலரை சதவீதத்துக்கு வந்துவிடும். காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, 5 சதவீதத்தில் ஏதாவது சீட்டு தொடங்கினால் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார்.