நான் கொடுத்தது 92, விடைத்தாளில் பூஜ்யம்

கால் சென்டரில் மூன்று வருடம் அழைப்புகளை எடுத்த பிறகு, குவாலிட்டி அனலிஸ்ட் பணிக்கான உள்தேர்வு எழுதினேன். பதிவு செய்யப்பட்ட ஓர் அழைப்பைக் கேட்டு, 100 மதிப்பெண் பட்டியலில் ஸ்கோர் போட்டு, ஏஜென்டுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு எழுத வேண்டும். நம் ஸ்கோர் தேர்வாளர்களின் ஸ்கோரிலிருந்து ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் விலகக் கூடாது. முதல் முறை தோற்றேன். இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அந்தத் தோல்விதான் உதவும்.

வந்தது பிராட்பேண்ட் அழைப்பு. இரண்டு நாளாக இணையம் இல்லை, ரவுட்டரில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது என்று வாடிக்கையாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஏஜென்டின் குரல் அவ்வளவு இனிமை. பொறுமையாகப் பேசுகிறார், குறுக்கிடவே இல்லை. இரண்டாவது ஹோல்டுக்கு மட்டும் அனுமதி கேட்கவில்லை. அதற்கு 8 மதிப்பெண்ணைக் குறைத்து, 92 போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

தேர்வாளரின் தாளில் இருந்தது பூஜ்யம்.

ஐம்பதாவது விநாடியில் ஏஜென்ட், பதிவிலுள்ள முகவரியை முழுதாக வாசித்து, “இதுதானே உங்கள் முகவரி?” என்கிறார். அவர் “ஆமாம்” என்கிறார். அதைச் சரிபார்ப்பு முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அங்கே நடந்தது தகவல் கசிவு. முகவரியை வாடிக்கையாளர் சொல்ல வேண்டும், ஏஜென்ட் திரையோடு ஒப்பிட வேண்டும். மாறி நடந்தால், பிறருடைய கைப்பேசியை வைத்திருக்கும் யாரும் “ஆமாம்” சொல்லியே வீட்டு முகவரியைத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் பட்டியலில் இது ஃபேட்டல், அதாவது இது ஒன்று தவறினாலே மொத்த ஸ்கோரும் பூஜ்யம். அதனால் இப்போதெல்லாம் ஃபேட்டல் வரிகளைத்தான் முதலில் பார்த்து முடிக்கிறேன். குரலில் மயங்கிய பிறகு பார்த்தால் கண்ணில் படாது.

ஃபேட்டலை ஒதுக்கிவைத்தாலும் என் கணக்கு தவறுதான். சிவப்பு எல்ஓஎஸ் என்றால் ஃபைபர் வழியே ஒளி சமிக்ஞை வரவில்லை என்று பொருள். களப் புகார் பதிய வேண்டிய இடத்தில், ஏஜென்ட் ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போடச் சொன்னார். பிரச்சினையைக் கண்டறிதல் வரிக்கான 10 மதிப்பெண் அங்கேயே போயிற்று. இதே தவறுக்காக ‘கவனித்துக் கேட்டல்’ வரியிலும் குறைக்கக் கை துறுதுறுக்கும். எங்கள் விதிப்படி ஒரு தவறுக்கு ஒரு வெட்டுதான், அது தொடங்கிய வரியில்.

இன்னொன்று, கூடுதல் திட்டத்தை அறிமுகப்படுத்தினாரா என்ற 5 மதிப்பெண் வரி. இணைப்பே இல்லாதவரிடம் புதுத் திட்டம் விற்க முடியுமா? ‘பொருந்தாது’ என்று போட வேண்டிய இடத்தில் நான் முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன். பொருந்தாத வரியை மொத்தத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 95க்கு 77, அதாவது 81 சதவீதம். பயிற்சிக்காக இந்த எண்ணையும் பூஜ்யத்தோடு சேர்த்தே பதிவு செய்வார்கள்.

என் குறிப்பு இப்படி இருந்தது: “நல்ல முயற்சி. வாடிக்கையாளரிடம் இன்னும் அக்கறை தேவை. ஹோல்டு விதிகளைப் பின்பற்றவும்.” தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, “இதைப் பார்த்த பிறகு நாளைக் காலை முதல் அழைப்பில் அவர் எதை மாற்றிச் செய்வார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு திருத்தி எழுதிய குறிப்பு: “0:50இல் முகவரியை நீங்களே வாசித்தீர்கள், பேசுபவர் உரிமையாளர்தானா என்பது உறுதியாகவில்லை. அடுத்த முறை, ‘பதிவில் உள்ள முகவரியைச் சொல்லுங்கள்’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். 2:15இல் அவர் கோபமாகப் பேசியபோது குறுக்கிடாமல் கேட்டது நன்று.” ஹோல்டைப் பற்றி இதில் ஒரு சொல் இல்லை. அது ஸ்கோர் தாளில் இருக்கிறது, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம். ஐந்து குறைகளை ஒரே குறிப்பில் அடுக்கினால் ஏஜென்ட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார். நானும் அப்படித்தான் மூடியிருக்கிறேன்.

நேரம் மிச்சம் பிடிக்க ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்காதீர்கள். 30 விநாடி மௌனம் அதில் 20 விநாடியாகச் சுருங்கிவிடும், நீண்ட மௌனம் பிடிபடாது. முதல் முறை எழுதாமல் கேளுங்கள், இரண்டாம் முறை நேரத்தோடு குறியுங்கள்.

இரண்டாம் தேர்வில் வித்தியாசம் மூன்று மதிப்பெண். அதுவும் ‘வருத்தம் தெரிவித்தல்’ வரியில் வந்தது. ஒரே தொனியில் நான்கு முறை “மன்னிக்கவும்” சொன்ன ஏஜென்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன், தேர்வாளர் கொடுக்கவில்லை. பட்டியலில் ‘தெரிவித்தாரா’ என்றுதான் இருக்கிறது, ‘உணர்ந்தாரா’ என்று இல்லையே என்றேன். அவர் சிரித்தாரே தவிர மதிப்பெண்ணை மாற்றவில்லை.