சரிவாக் கட்டின இலாஸ்ரிக்

தரம் 8க்கு உயரம் பாய்தல் எடுக்கிறதெண்டா எனக்கு முதல் யோசினை கம்பத்தைப் பற்றித்தான். கம்பத்தை நேராப் போட்டு ஏத்திக்கொண்டு போனா என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஏலாத பிள்ளை முதல் உயரத்திலயே அவுட், பிறகு பாடம் முடியுமட்டும் வேப்பமரத்துக்குக் கீழ குந்தியிருக்கும், நல்லாப் பாயிற நாலு பேர் மட்டும் திரும்பத் திரும்பப் பாய்வினம். அதாவது பயிற்சி ஆருக்குத் தேவையோ அவைக்குத்தான் குறைவு.

அதாலை நான் கம்பத்தை எடுக்கிறேல்லை. தையல்கடை இலாஸ்ரிக்கை ஒரு முனை முழங்கால் அளவு, மற்ற முனை நெஞ்சளவு எண்டு சரிவாப் பிடிக்க விடுவன் (பிடிக்கிறவை விரலிலை சுத்தக்கூடாது, பட்டா விட்டிடவேணும்). எந்த இடத்திலை பாயிறதெண்டு பிள்ளைதான் தெரிவு செய்யும். குண்டான பெடியனும் மாவட்டத்துக்குப் போற பெடியனும் ஒரே வரிசையிலை நிண்டு பாயலாம், ஒருத்தரும் அவுட் இல்லை.

எங்களிட்டை மெத்தை இல்லை, மணல் கிடங்குதான். அப்ப பொஸ்பரி முறை கதைக்கே இடமில்லை, முதுகாலை மணலிலை விழுந்தா கழுத்துக்கு ஆபத்து. கத்தரிக்கோல் முறை மட்டும், காலாலை இறங்கிறது. முதல் வேலை மண்வெட்டியாலை ஒரு அடிக்குக் கொத்தி போத்தல் ஓடு பாக்கிறது.

பிறகு படி படியா. எந்தக் காலாலை மிதிக்கிறது எண்டு கெந்திப் பாத்துக் கண்டுபிடிக்கிறது, நிலத்திலை கிடக்கிற கயித்தை நடந்து வந்து கத்தரிக்கோலாத் தாண்டிறது, பிறகு மூண்டு எட்டு, அதுக்குப் பிறகுதான் ஐஞ்சு எட்டு ஓடி இலாஸ்ரிக். இடக்காலாலை மிதிக்கிறவை வலப்பக்கத்தாலை சரிவா வரவேணும், வலக்கால்காரர் இடப்பக்கத்தாலை. ரெண்டு பக்கத்தாலையும் ஒரே நேரம் விட்டா நடுவிலை முட்டுப்படுவினம், அதாலை ஒரு பக்கம் முழுக்க முடியத்தான் மற்றப் பக்கம்.

அடுத்த படிக்கு விடுறது உயரத்தைப் பாத்தில்லை, இறங்கிறதைப் பாத்து. முழங்கால் மடிஞ்சு, தடுமாறாமல், கையை ஊண்டாமல் நிண்டா போகலாம். போன தவணை ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் ஏறேக்கையே இலாஸ்ரிக்கிலை இடிச்சுது, எல்லாரும் "பாரம் சேர், அதான்" எண்டாங்கள். மணலுக்கு முன்னாலை குதிக்கால் தடத்தைப் பாத்தா, இலாஸ்ரிக்குக்குக் கீழயே மிதிச்சிருக்கு. ஒரு கை நீளம் தள்ளிச் சோக்காலை கோடு கீறி விட்டன், பதிஞ்ச பக்கத்திலை சுகமாத் தாண்டினா. பாரத்தைக் குறை சொல்ல முதல் தடத்தைப் பாருங்கோ எண்டு புதுசா வாற ரீச்சர்மாருக்குச் சொல்லுறனான்.

இழுப்பு உள்ள பிள்ளை பம்ப்பைக் கிறவுண்டுக்குக் கொண்டு வரவேணும், வகுப்பு பாக்குக்குள்ள வைச்சா பிரயோசனமில்லை. புள்ளி போடேக்க, தன்ரை போன கிழமை இடத்தை விட எவ்வளவு மேல போச்சு எண்டுதான் பாக்கிறன். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆள் தெரிய இது உதவாது, அதுக்குப் பின்னேரம் கம்பம் போட்டு வேறையாப் பாக்கிறது.